கல்வி உதவித்தொகைக்கான பரிந்துரைக் கடிதம்

நாகப்பட்டினம்
14.07.2025

உதவித்தொகைத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் துறையில் முதுநிலை வேதியியல் இரண்டாமாண்டு படிக்கும் மா. கயல்விழியை உங்கள் உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கிறேன். இளநிலையிலிருந்தே என் மாணவி.

இளநிலை இறுதியாண்டில் வேதாரண்யம் பக்கம் 42 கிணறுகளின் நீரில் குளோரைடு அளவைச் சில்வர் நைட்ரேட் தரம்பார்த்தல் முறையில் கண்டறிந்தார். ஏழு கிணறுகளின் முடிவு மட்டும் முன்னுக்குப் பின் முரணாக வந்தது. "சரி, அதை விட்டுவிடம்மா" என்று சொன்னவன் நான்தான். அவர் கேட்கவில்லை. மறுநாளே பேருந்து ஏறிப் போய் மறுபடி நீர் எடுத்து வந்தார். பாட்டில்களைச் சரியாகக் கழுவாததுதான் கோளாறு. தன் தவறு என்று அறிக்கையிலும் எழுதினார். அப்புறம், கிணற்றுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் முடிவை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தார்.

இப்போது தேற்றாங்கொட்டை கலங்கல் நீரை எவ்வளவு தெளிய வைக்கிறது என்று சோதித்து வருகிறார்.

மேடையில் பேசக் கூச்சப்படுவார். நேர்காணலில் அதை வைத்து எடைபோட வேண்டாம். தந்தை உப்பளத் தொழிலாளி, மழைக்காலத்தில் வேலை இருக்காது. விடுதிக் கட்டணத்துக்காகக் கயல்விழி தினமும் மாலை டியூஷன் எடுக்கிறார். அந்த நேரம் ஆய்வகத்துக்குக் கிடைக்க உங்கள் உதவி வேண்டும்.

இப்படிக்கு,
இரா. செல்வகுமார்
உதவிப் பேராசிரியர், வேதியியல் துறை