தாங்கி வழிகிற நேரம்
விஞ்ஞானக் கண்காட்சி செயற்றிட்ட அறிக்கை, தரம் 10, யாழ்ப்பாணம்

ஏன் இதை எடுத்தோம்

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும்தான் ஓடும். நாங்கள் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரே. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீருக்கு அடர்த்தி குறைவு என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணிப்பு. இதை மறுபக்கமாகப் பார்த்தால் பயமாக இருக்கிறது: மேலே கொஞ்சம் குறைந்தாலும், கீழே உப்புநீர் அதைப்போல பல மடங்கு ஏறிவிடும்.

அரியாலையில் ஒரு வீட்டுக் கிணற்றிலும் இணுவிலில் ஒரு வீட்டுக் கிணற்றிலும் 100 மில்லிலீற்றர் வீதம் எடுத்து வற்றக் காய்ச்சினோம். இணுவில் தண்ணீர் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றைத்தான் விட்டது. அரியாலைத் தண்ணீர் விட்ட படிவை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். இரண்டு கிண்ணங்களும் எங்கள் மேசையில் இருக்கின்றன, தொட்டுப் பாருங்கள்.

எப்படிக் கணக்கெடுத்தோம்

யூலை மாதத்தில் இணுவில் (16), கோண்டாவில் (14), அரியாலை (10) என 40 வீடுகளுக்குப் போனோம். வாளியில் அள்ளுபவர்கள் ஒவ்வொரு வாளிக்கும் சுவரில் சோக்கால் ஒரு கோடு போட்டார்கள். குழாய் பாவிப்பவர்களிடம், 12 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று பார்த்து, செக்கனுக்கு எத்தனை லீற்றர் என்று கண்டு, அதைத் திறந்திருந்த நேரத்தால் பெருக்கினோம். மூன்று நாட்களின் சராசரியை எடுத்து, அருகிலுள்ள 5 லீற்றருக்கு மட்டந்தட்டினோம்.

வரைபு 1: ஒருவர் ஒரு நாளில் பாவிக்கும் தண்ணீர் (■ = 5 லீற்றர்)

குளிப்பு ■■■■■■■■■■■■ 60
கழிவறை ■■■■■■ 30
உடுப்புத் தோய்த்தல் ■■■■■ 25
வளவு, பூமரம் ■■■■ 20
பாத்திரம் கழுவல் ■■■ 15
சமையல், குடிநீர் ■■ 10
மொத்தம்: 160 லீற்றர்

பூமரத்துக்குத்தான் கூடப் போகும் என்று நினைத்துத் தொடங்கினோம். அது பிழை.

அட்டவணை: 40 வீடுகளில்

| கேட்டது | வீடுகள் |
|---|---|
| மோட்டரும் மேல்தாங்கியும் உண்டு | 34 |
| தாங்கி வாரத்தில் இரு தடவையாவது வழிகிறது | 23 |
| கூரையில் பீலி உண்டு | 9 |
| மழைநீரைச் சேமிக்கிறார்கள் | 3 |

அரியாலையின் 10 வீடுகளில் 7 பேர், கோடை முடிகையில் கிணறு சவராகிறது என்றார்கள்.

நாங்கள் எதிர்பார்க்காதது

கோண்டாவிலில் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே தாங்கி வழியத் தொடங்கியது. அம்மா குசினியில், அப்பா வேலைக்குப் போய்விட்டார். வழிகிற குழாயின் கீழ் வாளியை வைத்தோம், 30 செக்கனில் நிரம்பியது. மோட்டரை நிற்பாட்டும்வரை 11 நிமிடம். நிமிடத்துக்கு 24 லீற்றர் என்றால் 264 லீற்றர், ஒருவரின் ஒரு நாள் பாவனையை விடக் கூட. அது சீமெந்து முற்றத்தால் ஓடி ஒழுங்கைக்குப் போனது. மண்ணுக்குள் இறங்கியிருந்தால் கொஞ்சமாவது கிணற்றுக்குத் திரும்பியிருக்கும்.

எங்கள் மாதிரி: தாங்கி மணி

இரண்டு வயர்களின் நுனிகளைத் தாங்கியின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டோம். தண்ணீர் இரண்டையும் தொடும்போது சிறு மின்னோட்டம் திரான்சிற்றரின் அடிவாய்க்குப் போய் அதைத் திறக்கிறது, உடனே பசர் கத்துகிறது. 9 வோல்ற்று பற்றரி போதும். வயர் நுனி கறுத்துப்போகும், மாதத்துக்கு ஒருமுறை உரசித் துடைக்க வேண்டும்.

6 வீடுகளில் இரண்டு வாரம் பூட்டிப் பார்த்தோம்.

வரைபு 2: ஒரு வீட்டில் வாரத்துக்கு வழிந்த நிமிடங்கள், சராசரி (■ = 2 நிமிடம்)

மணிக்கு முன் ■■■■■■■■■■■■■■■ 30
மணிக்குப் பின் ■■ 4

மிச்சம் இருந்த 4 நிமிடமும் வீட்டில் ஆள் இல்லாத நேரம். அதற்கு மோட்டரைத் தானாக நிற்பாட்டும் மிதவை ஆளிதான் சரி.

முடிவு

நாங்கள் பார்த்த வீடுகளில் தண்ணீர் அதிகம் போவது குளிப்புக்கு. ஆனால் ஒருவருக்கும் பயன்படாமல் போவது தாங்கி வழிவதால், அதை மலிவாக நிற்பாட்டலாம். மழைநீர்தான் கைவிடப்பட்டிருக்கிறது. 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100 லீற்றர். ஒரு நல்ல மாரி நாளில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். பீலி போட்டு, மணலும் சல்லியும் நிரப்பிய குழிக்கு விட்டால் அது நிலத்துக்குள் இறங்கும்.

40 வீடு சிறிய எண்ணிக்கை. தோட்டக் கிணறுகளை நாங்கள் அளக்கவே இல்லை, அங்கே இறைப்பு இதைவிட எவ்வளவோ கூட. இப்போது அந்த 6 வீட்டுக் கிணறுகளிலும் கயிற்றில் முடிச்சுப் போட்டு நீர்மட்டத்தைக் குறித்திருக்கிறோம். மாரி முடிந்து தை மாதம் அதே கயிற்றோடு திரும்பப் போவோம்.