கல்வெட்டு

தாரணியின் லெப்டொப் சீட்டுக் காசில் வந்தது. அம்மா இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டு. பிளவுஸ் தைத்து, சாரிக்கு போல்ஸ் அடித்து, மாதாமாதம் கீழ்வீட்டு மாமியிடம் கொடுத்து வந்த காசு. கழிவு போக 80,000 ரூபா கைக்கு வந்த அன்றே, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு இருவரும் 100 பஸ்ஸில் போனார்கள். புதிதாக வாங்க அந்தக் காசு காணாது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புது லெப்டொப்புகளின் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பாவித்தது ஒன்றை 75,000 ரூபாவுக்குப் பேசி எடுத்தார்கள். மிச்சக் காசில் ஒரு பையும் மவுஸும் வாங்கலாம் என்று அம்மா சொன்னாள். தாரணி மவுஸ் மட்டும் போதுமென்றாள். பையை அம்மாவே வெட்டுத்துணியில் தைத்தாள், உள்ளே பஞ்சு வைத்து.

உயர்தரம் எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை காத்திருக்கும் காலம் அது. இந்த நாட்டில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்று பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். வெள்ளவத்தையில் அச்சகம் வைத்திருப்பவர் ஒருவர், பாமினி எழுத்துருவில் வேகமாக அடிக்கத் தெரிந்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். யூனிகோட் வந்து எத்தனையோ வருடமாகியும் அச்சகங்கள் பாமினியை விடவில்லை. தாரணி முதலில் அடித்துப் பார்த்தது mk;kh. எழுத்துருவை மாற்றியதும் திரையில் ‘அம்மா’ வந்து நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுக் கிட்ட வந்து பார்த்தாள்.

பிறகு வேலை வந்தபடி இருந்தது. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு. அப்பா நாலாம் குறுக்குத் தெருவில் மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவர். இரவில் வந்து சாப்பிட்ட கையோடு, “இண்டைக்கு எத்தனை பக்கம்?” என்று கேட்பார். கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

மேல்மாடி சேருடைய மனைவி பூமணி ஆன்ரி இறந்தபோது, முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டை அடிக்கும் பொறுப்பு தாரணியிடம் வந்தது வேறு வழியே இல்லாமல்தான். சேருக்குக் கை நடுக்கம். எழுதினால் அவருக்கே வாசிக்க வராது. ஆகவே பின்னேரங்களில் கீழே இறங்கி வந்து, கதிரையில் நிமிர்ந்து இருந்து, சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். தேவாரம், திருவாசகம் எல்லாம் அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும். வாழ்க்கை வரலாறுதான் புதிதாக வேண்டியது.

“வடமராட்சி கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட அமரர் பூமணி அம்மையார் அவர்கள்...” என்று தொடங்கினார். நாற்பது வருடம் தமிழ் படிப்பித்த குரல். நற்குண நற்செய்கை, இல்லறம் எனும் நல்லறம், விருந்தோம்பல். ஒரு சொல்லையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை இரவு ஒன்பதரைக்குக் கடைசிப் பக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டு மேலே போனார். மறுநாள் காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கிருத்தியம்.

தாரணி எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸின் அம்பு நடுத்திரையில் நின்றது. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. ஒரு விசையைத் தட்டினாள். திரை கறுத்தது.

கரண்ட் போகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, சார்ஜரில் பச்சை எரிந்தது. அவள் பவர் பொத்தானை அழுத்தினாள். உள்ளே காற்றாடி இரைந்து சுழன்றது, கேப்ஸ் லொக் விளக்கு விட்டுவிட்டு மின்னியது, திரையில் ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினாள். அதே இரைச்சல், அதே மின்னல்.

“என்னடி, ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?” என்றாள் அம்மா.

“வருகுதில்லை அம்மா.”

கூடப் படித்தவனுக்கு போன் எடுத்தாள். சார்ஜரைக் கழற்று, பற்றரியைக் கழற்று, பொத்தானை முப்பது செக்கன் அமத்திப் பிடி, திரும்பப் போடு என்றான். செய்தாள். அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துச் செக்கன் எண்ணினாள். வரவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் ஈரமில்லாத துணியால் மூடியைத் துடைத்தார். அவருக்குச் செய்யத் தெரிந்தது அது. அம்மா தையல் மெஷினில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாரணிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சேர் சொன்னது வேறெங்கும் இல்லை. தாளில் இல்லை, போனில் இல்லை. அந்தக் கறுத்த பெட்டிக்குள் மட்டும் இருந்தது.

பத்தேமுக்காலுக்கு அவள் மேலே ஏறினாள். அம்மாவும் பின்னால் வந்தாள். சேர் நித்திரையில்லை. கதவு பாதி திறந்திருந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

“சேர், லெப்டொப் நிண்டு போச்சு. நாளைக்குக் காலமை கடை திறக்கத்தான் பார்க்கலாம். அதுக்குள்ளை இருக்கிறது கிடைக்குமோ எண்டு தெரியேல்லை.”

அவர் கோபிக்கவில்லை. “கொப்பி இருக்கே?” என்று கேட்டார்.

கீழே ஓடிப்போய் ஒரு சீ.ஆர். கொப்பி கொண்டுவந்தாள். சேர் கண்ணை மூடிக்கொண்டு, “வடமராட்சி கரவெட்டியை...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. இவ்வளவு நாளும் ஆறாய் ஓடிய வசனம் எங்கோ தட்டுப்பட்டு நின்றுவிட்டது. அம்மா அடுப்படிக்குப் போய் மூன்று பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். பனங்கட்டித் துண்டைக் கடித்துவிட்டு ஒரு மிடறு குடித்தவர், படிப்பிக்கும் குரலை விட்டுவிட்டு வேறொரு குரலில் கதைக்கத் தொடங்கினார்.

“எண்பத்து மூண்டிலை எங்களுக்கு வீடு மிஞ்சேல்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலை அகதியா இருந்தம். பிள்ளையளோடை கப்பல் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போவம் எண்டு நான் சொன்னன். பேர் குடுக்கவும் போனன். இவதான் மாட்டன் எண்டு நிண்டவ. ‘உங்களுக்கு இஞ்சை பள்ளிக்கூடத்திலை வேலை இருக்கு, அங்கை போய் என்ன செய்யப் போறியள்?’ எண்டா.”

தாரணி எழுதினாள். பின்னேரம் அடித்த பக்கத்தில், கலவரத்தின் பின்னும் கொழும்பை விட்டு நீங்காத துணிவு சேருடையதாக இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“திரும்பி வந்தால் கையிலை ஒண்டுமில்லை. என்ரை சம்பளம் வாடகைக்கே காணாது. இவ விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிப்பா. சாப்பாட்டுக் கடை ரெண்டுக்கும், பெடியள் தங்கியிருந்த அறையளுக்கும். ஒரு நாளைக்கு முந்நூறு. உரலைப் பிழிஞ்சு பிழிஞ்சு வலது தோள்மூட்டுக் கடைசி மட்டும் நோ. நான் வெளிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகேக்கை பெட்டியைக் காவிக்கொண்டு போய்க் கடையிலை குடுக்கச் சொல்லிக் கேட்டவ. ஒரு நாள்தான் கேட்டவ. மாஸ்டர் எப்பிடி இடியப்பப் பெட்டி காவிறது எண்டு நான் சொல்லிப்போட்டன். பிறகு அவவே காவினா. பதினொரு வருசம்.”

பேனை நின்றது. எழுதலாமா என்று அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“எழுதும் பிள்ளை,” என்றார் சேர்.

ஒன்றரை மணிவரை சொன்னார். எந்தச் சட்டினிக்கு எந்தக் கடைக்காரர் ஆசைப்பட்டார், மகள் மதியின் ரியூசன் காசை எந்த ரின்னுக்குள் போட்டு வைத்தாள், கடல்காற்றில் உரலின் பித்தளை கறுக்கும்போது புளியால் எப்படித் தேய்ப்பாள். கல்வெட்டில் வரக்கூடியது, வரமுடியாதது என்று அவர் பிரிக்கவில்லை. தாரணியும் பிரிக்காமல் எழுதினாள்.

விடிந்ததும் லெப்டொப்பை அம்மா தைத்த பைக்குள் வைத்துக்கொண்டு, கடை திறக்குமுன்பே யுனிட்டி பிளாசா வாசலில் நின்றாள். சேரும் வந்திருந்தார், வெள்ளை வேட்டியோடு. திருத்துகிற நானா அடிமூடியைக் கழற்றி, ரேமைக் கிளப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

“வீடு கடல் பக்கமா தங்கச்சி?”

“ஓம் நானா. மரைன் டிரைவுக்குக் கிட்ட.”

“அதான். உப்புக்காத்து. கொன்டாக்ட் எல்லாம் பூத்திருக்குது பாருங்க. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்டும் ஆகியிருக்காது, பயப்பட வேணாம்.”

மேசையில் கிடந்த வெள்ளை அழிரப்பரை எடுத்து, ரேமின் பொன்னிறப் பற்களை இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்தார். தூசை ஊதித் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் சொருகிப் பொத்தானை அழுத்தினார். காற்றாடி இரைந்தது. கேப்ஸ் லொக் மின்னவில்லை. திரை நீலமாக விரிந்தது. தாரணி அழுதுவிட்டாள், கடைக்குள் எல்லோர் முன்னாலும். நானா பார்க்காததுபோல் திருகாணிகளைப் பூட்டி, 1,000 ரூபா மட்டும் வாங்கிக்கொண்டார். யன்னலோரம் வைக்க வேணாம், பாவிக்காத நேரம் மூடிப் பையிலே வையுங்க என்றார்.

அங்கிருந்து நேரே வெள்ளவத்தை அச்சகம். கோப்பு அப்படியே இருந்தது, புதன்கிழமை கடைசியாகச் சேமித்த சொல்வரைக்கும். அச்சகக்காரர் எட்டிப் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு. இதையே ஏத்துவமா?”

சேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குக் கிட்டக் குனிந்து முதலிலிருந்து வாசித்தார். உதடு அசைந்தது. மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

“தம்பி, மத்தியானம் மட்டும் பொறுப்பீரோ?”

“ரெண்டு மணிக்குள்ளை தந்தால் சனிக்கிழமை புத்தகம் வரும் சேர்.”

“தாரணி, இந்தத் ‘துணைவருடன் இணைந்து பொருளாதார இடர்களை எதிர்கொண்டார்’ எண்டதை எடுத்துவிடும். அதிலை இடியப்பத்தைப் போடும். முந்நூறு எண்ட கணக்கையும் போடும்.”

அவள் கொப்பியைத் திறந்து மேசையில் வைத்தாள். வலது பக்கம் இரவு எழுதியது, இடது பக்கம் லெப்டொப். “பெட்டி காவினதும் போடுறதோ சேர்?”

“போடத்தான் வேணும். நான் மாட்டன் எண்டு சொன்னதும் சேர்த்து.”

“கனடாவிலையிருந்து மதியக்கா வந்து பார்த்திட்டு ஏதும் சொல்லுவாவோ?”

“அவளின்ரை ரியூசன் காசு எந்த ரின்னுக்குள்ளை இருந்தது எண்டு அவளுக்குத் தெரியாது. அதையும் எழுதும்,” என்று சொல்லிவிட்டு, சேர் ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “நீர் அடியும். நான் கொப்பியைப் பார்த்துச் சொல்லுறன். உம்மடை எழுத்து எனக்கு விளங்குது.”