வாடகை ஒப்பந்தத்தைக் குறைந்த வாடகையில் புதுப்பித்துத் தர வேண்டி

சென்னை,
25.10.2025

அனுப்புநர்:
மு. செல்வகுமார்,
இரண்டாம் தளம், ராம் நகர்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
திரு. வே. சுந்தரராஜன் அவர்கள்,
வீட்டு உரிமையாளர்,
கும்பகோணம்.

பொருள்: 31.12.2025 அன்று முடியும் வாடகை ஒப்பந்தத்தை மாதம் ரூ.17,000 வாடகையில் புதுப்பிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, ஜனவரி முதல் வழக்கம்போல் 5 சதவீதம் சேர்த்து ரூ.20,400 என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றீர்கள். அப்போதே பதில் சொல்லாமல் யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். பணம் பற்றிய விஷயத்தை விவரமாக எழுத்தில் வைப்பதுதான் இருவருக்கும் நல்லது என்பதால் இந்தக் கடிதம்.

இந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்க விரும்புகிறோம். ஆனால் ரூ.20,400 வேண்டாம், இப்போது தரும் ரூ.19,400-ம் வேண்டாம், ரூ.17,000 என்று வைத்துத் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

2021 ஜூனில் நாங்கள் குடிவந்தபோது வாடகை ரூ.16,000. அன்றைக்கு அது நியாயமான வாடகை. அதன்பின் ஒவ்வொரு 11 மாதத்துக்கும் 5 சதவீதம் ஏறி ரூ.19,400-க்கு வந்து நிற்கிறது. நான்கு முறையும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அந்த வேகத்தில் இந்தப் பகுதியின் வாடகை ஏறவில்லை. நம் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி, முதல் தளத்தில் உள்ள இரண்டு படுக்கையறை வீடு, கார் நிறுத்த இடத்துடன், செப்டம்பரில் ரூ.17,000-க்குப் போயிருக்கிறது. குடிவந்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பின் தெருவில் நம் வீட்டைப் போலவே லிஃப்ட் இல்லாத இரண்டாம் தள வீடு, ஏறக்குறைய இதே 850 சதுர அடி, ரூ.16,000. கீழ்க்கட்டளைப் பக்கம் ரூ.15,500-க்கு ஒரு வீடு இரண்டு மாதமாக 'வாடகைக்கு' பலகையுடன் பூட்டியே கிடக்கிறது. கூடுதலாக வாங்கும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: பிரதான சாலைக்கு அருகே புதிதாகக் கட்டிய அடுக்ககத்தில் ரூ.21,000 கேட்கிறார்கள். அங்கே லிஃப்ட், மூடிய கார் நிறுத்தம், மின்தடை நேரத்துக்கு ஜெனரேட்டர் எல்லாம் இருக்கின்றன. நம் கட்டடத்தில் இருசக்கர வாகனம் நிறுத்த மட்டுமே இடம். மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குத் தனியாகப் பங்கு கொடுக்கிறோம். பராமரிப்புக் கட்டணம் ரூ.1,500-ம் வாடகைக்கு மேல் என் பொறுப்பு.

வாடகை ஏறாமல் நிற்பதற்குப் பெரிய காரணம் சாலைதான் என்று நினைக்கிறேன். மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ பணிக்காக மேடவாக்கம் பிரதான சாலையில் தடுப்பு வைத்து வேலை நடக்கிறது. காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலையில் பஸ்ஸில் போய்ப் பார்த்தால், வேலைக்குப் போகிறவர்கள் ஏன் வேறு பகுதியில் வீடு தேடுகிறார்கள் என்பது புரியும். ரயில் ஓடத் தொடங்கினால் இங்கே வாடகை ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மடிப்பாக்கம் நிலையத்திலிருந்து ரயில் புறப்படும் நாளில் நீங்கள் வாடகையை மறுபடி பேச விரும்பினால் நான் உடன்படுவேன். ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாக எழுதிக்கொள்ளலாம். ரயில் வருவதற்கு முன்பே அந்த வாடகையைக் கொடுப்பதுதான் கடினமாக இருக்கிறது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு முறை கணக்கைப் பார்த்துவிடுங்கள் என்று வங்கி அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். ஒப்பந்தப்படி 5-ஆம் தேதிக்குள் வாடகை தர வேண்டும். குடிவந்த நாள் முதல் ஒரு மாதம்கூட 3-ஆம் தேதியைத் தாண்டியதில்லை. மின்கட்டணம் என் பெயரில் பாக்கி நின்றதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மடிப்பாக்கம் முழுவதும் தண்ணீரில் நின்றது. அந்த மாத வாடகை 2-ஆம் தேதியே உங்கள் கணக்குக்கு வந்துவிட்டது. வெள்ளம் வடிந்தபோது நிலத்தடித் தொட்டிக்குள் சேறும் சாக்கடை நீரும் புகுந்திருந்தன. நீங்கள் கும்பகோணத்திலிருந்து வர வழியில்லை. கீழ் வீட்டு அண்ணனும் நானும் ஆள் வைத்துத் தொட்டியை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, நனைந்த மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். காயில் கட்டிய செலவு ரூ.4,200-க்கு ரசீது அனுப்பினேன், நீங்கள் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னீர்கள். ரசீதுக்கு மேல் ஒரு ரூபாய்கூட நான் கேட்டதில்லை. இந்த வீட்டை வெறும் வாடகை வீடாக நினைத்து நாங்கள் இருந்ததில்லை, ஐயா.

உங்கள் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ரூ.19,400-லிருந்து ரூ.17,000-க்குக் குறைத்தால் 11 மாதத்தில் உங்களுக்கு வரவு குறைவது ரூ.26,400. நாங்கள் காலி செய்து, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் இழப்பு ரூ.38,800. அதற்கு மேல் பெயிண்ட் செலவு, தரகர் கமிஷன், வீட்டைக் காட்டுவதற்காக கும்பகோணத்திலிருந்து நீங்கள் வந்து போகும் அலைச்சல். புதிதாக வருகிறவரும் பக்கத்து வீட்டு வாடகையைக் கேட்டுக்கொண்டுதான் பேச வருவார். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், வரும் கோடையில் பொதுத்தேர்வு. தேர்வுக்கு முன் வீடு மாற எனக்கும் மனமில்லை. அதை மறைத்துவைத்துப் பேரம் பேச விருப்பமில்லாததால் சொல்கிறேன்.

நீங்கள் வாடகையைக் குறைத்தால் நான் செய்யக்கூடியவற்றையும் சொல்கிறேன். கொடுத்திருக்கும் அட்வான்ஸ் ரூ.80,000 அப்படியே உங்களிடம் இருக்கட்டும், குறைந்த வாடகைக்கு ஏற்ப எதையும் திருப்பிக் கேட்க மாட்டேன். உள்பக்கம் வெள்ளையடிக்கும் வேலையை மே மாதத்தில் என் செலவிலேயே முடித்துக்கொள்கிறேன். மொட்டைமாடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு மட்டும் உங்கள் பொறுப்பாக இருக்க வேண்டும். படுக்கையறையின் வடக்குச் சுவரில் இந்த மழைக்கும் ஈரம் இறங்கி, சுண்ணாம்பு உப்பிக்கொண்டு உதிர்கிறது. அந்தச் சுவர் காயாமல் வெள்ளையடித்தால் செலவு வீண். சுவரின் படமும் இணைப்பில் இருக்கிறது.

11 மாதத்துக்குப் பதிலாக இரண்டு ஆண்டு ஒப்பந்தம் உங்களுக்கு வசதி என்றால் அதற்கும் சம்மதம். அப்படியானால் ரூ.17,500 என்று வைத்து, இரண்டு ஆண்டுக்கும் ஏற்றம் இல்லாமல் எழுதிக்கொள்ளலாம். மெட்ரோ நிபந்தனை அதிலும் இருக்கட்டும். எந்த ஒப்பந்தமானாலும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுவோம். விண்ணப்பிக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், உங்கள் கையெழுத்தும் ஆவண நகல்களும் இருந்தால் போதும்.

ஒப்பந்தப்படி காலி செய்வதானால் இரு தரப்பும் இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். நவம்பர் 2-ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன். நேரில் பேசுவது நல்லது என்று தோன்றினால் சொல்லுங்கள், அடுத்த வாரமே கும்பகோணம் வந்து பார்க்கிறேன். அம்மாவுக்கு என் மனைவியின் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வகுமார்

இணைப்பு: வாடகை செலுத்தியதற்கான வங்கி அறிக்கை நகல், நடப்பு ஒப்பந்தத்தின் நகல், படுக்கையறைச் சுவரின் படம்.