சரக்கு மாஸ்டர் பணி: விண்ணப்பம் எண் 7 பற்றிய மதிப்பீட்டுக் குறிப்பு

பெறுநர்: நிர்வாகி, அவிநாசி சாலைக் கிளை, கோவை
அனுப்புநர்: சமையலறை மேற்பார்வைப் பிரிவு
நாள்: 12.08.2025

முடிவு: இவரைச் சமைத்துக் காட்ட அழைக்கலாம். வேலை உத்தரவு மட்டும் இப்போது வேண்டாம். பெரிய அளவில் சமைத்த அனுபவம் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் ரெஸ்யூமேயில் போட்டிருக்கும் அளவுக்கு இல்லை. சுகாதாரச் சான்றுகளில் நாம் கேட்டது எதுவும் இன்றைய தேதியில் முழுதாகச் செல்லாது. சான்றுகளைச் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். அனுபவத்தை அப்படி வாங்க முடியாது என்பதால்தான் நிராகரிக்கவில்லை.

நம் விளம்பரத்தில் கட்டாயம் என்று போட்டவை நான்கு: ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் நடப்பில் உள்ள அட்வான்ஸ்டு கேட்டரிங் சான்று, ஓராண்டுக்குள் எடுத்த மருத்துவத் தகுதிச் சான்று, ஒரே வேளையில் 500 பேருக்குக் குறையாத சைவச் சாப்பாட்டைத் தினமும் இறக்கிய குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம், எட்டுப் பேருக்கு மேல் உள்ள குழுவை நடத்தியிருப்பது. படிப்புத் தகுதி கேட்கவில்லை. இவர் பத்தாம் வகுப்பு, அது போதும்.

சான்றுகள்

ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் "எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்று பெற்றவர், ஐ.எஸ்.ஓ. 22000 சான்று பெற்றவர், எச்.ஏ.சி.சி.பி. தெரிந்தவர்" என்று ஒரே வரியில் இருக்கிறது. மூன்றையும் பிரித்துப் பார்த்தோம்.

இணைப்பில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பெயரில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று அவர் முன்பு வேலை பார்த்த கேன்டீனின் உரிம நகல், 14 இலக்க எண்ணோடு. அது அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமம். சமைத்தவருக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆகவே ஒதுக்கிவிட்டோம். இப்படி இணைப்பது ஏமாற்று என்று சொல்ல முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தைத் தங்கள் சான்று என்றே பல மாஸ்டர்கள் நினைக்கிறார்கள்.

இரண்டாவது தாள்தான் அவருடைய சொந்த ஃபோஸ்டாக் பயிற்சிச் சான்று. வழங்கிய நாள் 14.03.2023. இந்தச் சான்று இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும், எனவே இந்த மார்ச்சிலேயே காலாவதியாகிவிட்டது. மேலும் அது பேசிக் கேட்டரிங். நாம் கேட்டது அட்வான்ஸ்டு. பேசிக் நான்கு மணி நேரப் பயிற்சி, பதிவுச் சான்று மட்டும் வைத்திருக்கும் சிறு கடைகளை மனதில் வைத்து அமைத்தது. அட்வான்ஸ்டு எட்டு மணி நேரம், உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கானது. நம் கிளைக்கு இது வெறும் சடங்கல்ல. உணவைக் கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும் பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். நம்மிடம் இப்போது 31 பேர் இருக்கிறார்கள், சான்று உள்ளவர் ஒருவர்தான். இரண்டாவது இடத்தைச் சரக்கு மாஸ்டர் நிரப்புவார் என்ற கணக்கில்தான் விளம்பரமே போட்டோம்.

ஐ.எஸ்.ஓ. 22000 தனி ஆளுக்குக் கிடைக்கும் சான்று அல்ல, நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கொடுப்பது. கேன்டீன் அதைப் பெற்றிருக்கலாம். அப்படியானால் வெப்பநிலைப் பதிவேடு எழுதுவது, மாதிரி உணவு எடுத்து வைப்பது போன்றவற்றை இவர் பார்த்திருப்பார். அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று நேரில் கேட்போம். மதிப்பெண் எதுவும் தரவில்லை. எச்.ஏ.சி.சி.பி. வரியில் யார் நடத்திய பயிற்சி, எந்த ஆண்டு, எத்தனை மணி நேரம் என்ற எந்த விவரமும் இல்லை. அதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

மருத்துவச் சான்று 20.11.2024 தேதியிட்டது. தேதி சரி, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. உள்ளடக்கம்தான் போதாது. "தொற்றுநோய் இல்லை, வேலைக்குத் தகுதியானவர்" என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி, அவ்வளவே. உணவு கையாளுவோருக்கான படிவத்தில் உடல் பரிசோதனை, கண், தோல், டைபாய்டு வகைத் தடுப்பூசி விவரம் எல்லாம் தனித்தனியாக வர வேண்டும், மருத்துவரின் பதிவு எண்ணும் வேண்டும். இந்தத் தாளை ஆய்வுக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். புதிதாக எடுக்கச் சொல்வோம், செலவு நம்முடையது.

எண்ணிக்கை

2021 ஜூன் முதல் 2025 ஜூன் வரை ஒசூரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சீனியர் குக். "தினமும் 3,000 சாப்பாடு" என்று எழுதியிருக்கிறார். அதே பத்தியில் "தினசரி அரிசி 180 கிலோ, சாம்பார் 200 லிட்டர்" என்றும் எழுதியிருக்கிறார். இந்த இரண்டாவது வரிதான் இந்த ரெஸ்யூமேயிலேயே பயனுள்ள வரி.

உடலுழைப்பு செய்பவர் ஒரு வேளைக்கு உண்ணும் அரிசியை, வேகவைக்கும் முன் உள்ள எடையில், 150 கிராம் என்று வைத்தால் 180 கிலோ 1,200 பேருக்கு வரும். 200 லிட்டர் சாம்பாரை 1,200 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 165 மில்லி சொச்சம், இயல்பான அளவு. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 3,000 பேர் என்றால் ஆளுக்கு 60 கிராம் அரிசி. அதை யாரும் சாப்பாடு என்று சொல்ல மாட்டார்கள். ஆக 3,000 என்பது காலை டிபன், மாலைச் சுண்டல், டீ எல்லாம் சேர்ந்த மொத்த வினியோகம் என்று கொள்கிறோம். 1,200 சாப்பாடும் மதியம், இரவு என்று ஷிஃப்டுகளில் பிரியும். பெரிய வேளை 700 பேர் வரலாம். நம் 500 என்ற வரம்பைத் தாண்டுகிறது, ஆனால் ரெஸ்யூமே சொல்வதுபோல் ஆறு மடங்கு அல்ல. மதியத்துக்கு மட்டும் எத்தனை கிலோ அரிசி என்பதே நேரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கேன்டீனில் ஸ்டீம் அண்டாவில் ஒரே தடவை வேகவைத்து, சூடு காத்து, ஒரே மூச்சில் பரிமாறுவார்கள். நீராவியில் அடிப்பிடிக்கும் பயம் குறைவு. நம்மிடம் கேஸ் அடுப்பும் குண்டானும்தான். பருப்பு சேர்ந்த சாம்பாரைப் பத்து நிமிடம் கிளறாமல் விட்டால் அடியில் தீய்ந்து, அந்த வாடை முழுக் குண்டானுக்கும் ஏறிவிடும். பிறகு எதைச் சேர்த்தாலும் மறையாது. மேலும் நம் மதியக் கூட்டம் 11.30 முதல் 3.30 வரை நீளும். 600 சாப்பாட்டுக்கு 75 கிலோ அரிசியும் 90 லிட்டர் சாம்பாரும் தேவை என்றாலும், அவை மூன்று தடவையாக இறங்க வேண்டும். 1.15 மணிக்கு இரண்டாம் குண்டான் தயாராக இல்லையென்றால் சப்ளையர்கள் சாம்பாரில் வெந்நீர் ஊற்றத் தொடங்குவார்கள். இந்த ஓட்டத்தை இவர் 2014–2018இல் மதுரையில் லாட்ஜோடு சேர்ந்த சைவ ஹோட்டலில் பார்த்திருக்கக்கூடும், ஆனால் அங்கே டிபன் மாஸ்டராகத்தான் இருந்திருக்கிறார். இட்லி, பொங்கல், வடை கை வரும் என்று நம்பலாம். சரக்கு வேலைக்கு அது சான்றாகாது.

2018 முதல் 2020 மார்ச் வரை சொந்தமாகக் கல்யாணச் சமையல், "2,000 பேர் வரை". இதற்கு அரை மதிப்பே கொடுத்தோம். பந்திச் சமையலில் ஆள் கணக்கு முந்தின நாளே தெரியும், மெனு முடிவாகியிருக்கும், முகூர்த்தம் இல்லாத நாளில் அடுப்பே எரியாது. தினமும் 600 என்பதன் சோர்வு வேறு. ஆனாலும் இன்டென்ட் போடவும், மளிகைக் கணக்குப் பார்க்கவும் கல்யாணச் சமையலில் நன்றாகப் பழகுவார்கள். நம் மண்டப ஆர்டர்களுக்கு அது உதவும். 2020 ஏப்ரல் முதல் 2021 மே வரையிலான இடைவெளி ஊரடங்குக் காலம், கேள்வி கேட்கத் தேவையில்லை.

"22 பேர் கொண்ட குழுவில் பணி" என்பதைக் குழுவை நடத்தியதாக எடுக்க முடியாது. சீனியர் குக்குக்கு மேலே ஒரு செஃப் இருந்திருப்பார். யார் ஷிஃப்டு போட்டார்கள், ஆள் வராத நாளில் யார் மாற்று ஏற்பாடு செய்தார்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

சரிபார்ப்பு

வேலை பார்த்த தேதிகளுக்கு பி.எஃப். பணி வரலாற்றை அவர் கைபேசியிலேயே திறந்து காட்டச் சொல்லலாம். கடவுச்சொல்லை நாம் வாங்கக் கூடாது. கேன்டீனுக்கு அவர் சம்மதத்தோடு போன் செய்யும்போது எச்.ஆரைவிட ஸ்டோர் கீப்பரிடம் பேசுவது நல்லது: ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை அரிசி ஸ்டோரிலிருந்து இறங்கியது என்பது அவருக்குத்தான் மனப்பாடமாகத் தெரியும்.

சமைத்துக் காட்டுவது

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் நம் அடுப்பு காலியாக இருக்காது, எனவே 14ஆம் தேதி வியாழக்கிழமை அழைக்கலாம். 100 பேருக்குச் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல். முந்தின நாள் மாலைக்குள் இன்டென்ட்டை அவர் கையால் எழுதித் தர வேண்டும். சமையல் முடிந்ததும் ஸ்டோருக்குத் திரும்பி வந்தது எவ்வளவு, நடுவில் கூடுதலாகக் கேட்டது எவ்வளவு என்று எடை போடுவோம். பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் 1,200 பேருக்குக் கணக்குப் போட்டவர் வேறொருவர்.

ருசியை நீங்களே பாருங்கள். நாங்கள் கையைப் பார்ப்போம்: ருசி பார்க்கத் தனிக் கரண்டி எடுக்கிறாரா, உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு அதே கையோடு வேலையைத் தொடர்கிறாரா, தோளில் கிடக்கும் துண்டாலேயே முகம், கை, தட்டு மூன்றையும் துடைக்கிறாரா, மண் ஒட்டிய காய் கழுவிய இடத்திலேயே கொத்தமல்லி நறுக்குகிறாரா. சான்று காலாவதியானவரிடமும் இந்தப் பழக்கங்கள் சரியாக இருப்பதுண்டு, புதுச் சான்று வைத்திருப்பவரிடம் இல்லாமல் போவதும் உண்டு.

இடையில் மூன்று கேள்விகள். மதியம் மீந்த 10 கிலோ சாதத்தை என்ன செய்வீர்கள்? "மூடி வைத்து இரவு எலுமிச்சை சாதம்" என்றால் பெரிய குறை. வெந்த சாதத்திலும் பாசிலஸ் சீரியஸ் கிருமியின் விதைமூலங்கள் சாகாமல் இருக்கும். வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு குளிர்பெட்டியில் வைப்பதாகச் சொன்னால் பயிற்சி மனதில் பதிந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, பரிமாறும் சாம்பார் எத்தனை டிகிரிக்குக் கீழே போகக் கூடாது? 60 என்று சொல்லி, தெர்மாமீட்டரை நடுவில் விட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது, வடை பொரித்த எண்ணெயை எப்போது கொட்டுவீர்கள்? மொத்தப் போலார் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நுரை, புகை, நிறம் பார்த்து நிறுத்துவேன் என்றாவது சொல்ல வேண்டும். "புது எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டுவேன்" என்ற பதிலை ஏற்க முடியாது.

சம்பளம்

கேட்பது 38,000 ரூபாய், தங்குமிடம் தனி. நம் வரம்பு 32,000 முதல் 36,000. பயிற்சிக் காலம் முடியும்வரை 34,000 என்றும், அட்வான்ஸ்டு சான்று கைக்கு வந்து மூன்று மாதம் குழுவை நடத்திய பிறகு 36,000 என்றும் பேசலாம். அட்வான்ஸ்டு பயிற்சிக்கு ஒரு நாள் சம்பளத்தோடு நாமே அனுப்பலாம், தமிழில் நடக்கும் வகுப்பாகப் பார்த்து. புதிய மருத்துவச் சான்று வராமல் சமையலறைக்குள் வேலைக்கு விடக் கூடாது. ஃபோஸ்டாக்குக்கு 30 நாள் அவகாசம் கொடுக்கலாம்.

இதே பணிக்கு வந்த விண்ணப்பம் எண் 4இல் சான்றுகள் எல்லாம் நடப்பில் உள்ளன, ஆனால் அவர் சமைத்தது அதிகபட்சம் 150 பேருக்கு. எண் 7 சமைத்துக் காட்டுவதில் தேறாவிட்டால் எண் 4ஐத் துணை மாஸ்டராக எடுப்பது பற்றிப் பேசுவோம். அதுவரை அவருக்கு மறுப்புக் கடிதம் அனுப்ப வேண்டாம்.