இரத்தமும் சுற்றோட்டமும்: இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் குறிப்பு விடைகள்

பழைய வினாத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். இந்தப் பாடத்திலிருந்து வரும் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு 40 சொற்களுக்கு மிகாமலும், ஐந்து மதிப்பெண் வினாவுக்கு 120 சொற்களுக்கு மிகாமலும் விடை கேட்கிறார்கள். கீழே உள்ள எல்லா விடைகளும் அந்த அளவுக்குள் அடங்கும். இரண்டு மதிப்பெண் என்றால் மதிப்பெண் பெறும் கருத்து இரண்டுதான். முதல் வாக்கியத்தில் ஒன்று வந்துவிட வேண்டும். முன்னுரைக்கு அங்கே இடமில்லை. விடைகளுக்கு இடையே 'கவனிக்க' என்று எழுதியிருப்பது உங்களுக்காக. அதைத் தாளில் எழுதவேண்டாம்.

இரண்டு மதிப்பெண் வினாக்கள்

1. இரட்டைச் சுற்றோட்டம் என்றால் என்ன?

உடலை ஒரு முறை முழுமையாகச் சுற்றிவரும் இரத்தம் இதயத்தின் வழியாக இரு முறை செல்வது இரட்டைச் சுற்றோட்டம். இதயத்தின் வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கும், இடப்பக்கம் உடலின் பிற பகுதிகளுக்கும் அனுப்புகிறது.

2. தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு எழுதுக.

தமனி இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்கிறது. சிரை இதயத்துக்குக் கொண்டுவருகிறது. தமனியின் சுவர் தடித்தது, மீள்தன்மை மிக்கது, உட்புறம் வால்வுகள் அற்றது. சிரையின் சுவர் மெல்லியது. இரத்தம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வுகள் கொண்டது.

கவனிக்க: 'தமனியில் நல்ல இரத்தம், சிரையில் கெட்ட இரத்தம்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். நுரையீரல் சிரையில் ஓடுவது ஆக்சிஜன் மிகுந்த இரத்தம். இரத்தம் எந்தத் திசையில் போகிறது என்பதைக் கொண்டே இரண்டையும் பிரிக்க வேண்டும். இந்த விதிவிலக்கைத் தனி வினாவாகவும் கேட்பதுண்டு.

3. முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இல்லாததால் என்ன நன்மை?

உட்கரு இல்லாததால் அந்த இடமும் ஹீமோகுளோபினுக்குக் கிடைக்கிறது. சிவப்பணு கூடுதல் ஆக்சிஜனைச் சுமக்கிறது. இருபுறமும் குழிந்த வட்டு வடிவம் அமைந்து, வாயுப் பரிமாற்றத்துக்கான பரப்பும் அதிகரிக்கிறது.

4. இதய ஒலிகள் எவ்வாறு தோன்றுகின்றன?

வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கத் தொடங்கும்போது ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடுவதால் 'லப்' என்னும் நீண்ட ஒலி தோன்றுகிறது. வெண்ட்ரிக்கிள்கள் விரியத் தொடங்கும்போது அரைச்சந்திர வால்வுகள் மூடுவதால் 'டப்' என்னும் குறுகிய ஒலி தோன்றுகிறது.

கவனிக்க: வால்வுகள் திறப்பதால் ஒலி வருகிறது என்று எழுதிவிடாதீர்கள். மூடும்போதுதான்.

5. பிளாஸ்மாவுக்கும் சீரத்துக்கும் என்ன வேறுபாடு?

பிளாஸ்மா என்பது இரத்த அணுக்கள் மிதக்கும் திரவப் பகுதி. அதில் ஃபைப்ரினோஜென் உண்டு. சீரம் என்பது இரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் திரவம். ஃபைப்ரினோஜென் உறைதலில் பயன்பட்டுவிடுவதால் சீரத்தில் அது இல்லை.

6. சைனோ ஆரிக்குலார் கணு ஏன் இதயத்தின் பேஸ்மேக்கர் எனப்படுகிறது?

வலது ஆரிக்கிளின் சுவரில், மேற்பெருஞ்சிரை திறக்கும் இடத்துக்கு அருகே இக்கணு உள்ளது. இதயத் துடிப்பைத் தொடங்கும் மின்தூண்டலைத் தானாக உருவாக்கி, துடிப்பின் வேகத்தையும் நிர்ணயிப்பதால் பேஸ்மேக்கர் எனப்படுகிறது.

7. இரத்த அழுத்தம் என்றால் என்ன? இயல்பான அளவு யாது?

இரத்தம் தமனிகளில் பாயும்போது அவற்றின் சுவர் மீது செலுத்தும் அழுத்தம் இரத்த அழுத்தம். வளர்ந்தவர்களில் ஓய்வுநிலையில் இயல்பான அளவு சுமார் 120/80 மி.மீ. பாதரசம். இதில் 120 சிஸ்டோலிக் அழுத்தம், 80 டயஸ்டோலிக் அழுத்தம்.

கவனிக்க: அலகை விட்டுவிட்டு வெறும் 120/80 என்று நிறுத்தாதீர்கள்.

8. இரத்தச் சுற்றோட்டம் பற்றிய அறிவில் வில்லியம் ஹார்வியின் பங்கு என்ன?

இதயம் ஒரு பம்பாக இயங்குகிறது, அதே இரத்தம் உடல் முழுவதும் மூடிய பாதையில் சுற்றிவருகிறது என்பதை ஹார்வி 1628இல் வெளியிட்டார். இரத்தம் தொடர்ந்து புதிதாக உருவாகி உடலில் செலவழிந்துவிடுகிறது என்ற பழைய கருத்தை இது மாற்றியது.

கவனிக்க: தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படிப் போகிறது என்பதை ஹார்வியால் கண்ணால் காண முடியவில்லை. நுண்ணோக்கியில் இரத்த நுண்நாளங்களைப் பார்த்து, 1661இல் அதை விளக்கியவர் மால்பிஜி. தொடர்பைக் கண்டறிந்தவர் யார் என்று கேட்டால் ஹார்வி பெயரை எழுதக் கூடாது.

ஐந்து மதிப்பெண் வினாக்கள்

இங்கே 120 சொற்களில் ஐந்து கருத்துகள் நிற்க வேண்டும். படம் கேட்டிருந்தால் சொற்களைக் குறைத்துக்கொள்ளலாம். பெயர் குறிக்காத படத்துக்கு மதிப்பெண் எதிர்பார்க்காதீர்கள்.

9. மனித இதயத்தின் வழியே இரத்தம் செல்லும் பாதையை விவரி.

உடலின் பகுதிகளிலிருந்து வரும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது ஆரிக்கிளை அடைகிறது. இதயத் தசையிலிருந்து வரும் இரத்தமும் கரோனரி சைனஸ் வழியாக அங்கேயே சேர்கிறது.

வலது ஆரிக்கிள் சுருங்கும்போது இரத்தம் மூவிதழ் வால்வு வழியாக வலது வெண்ட்ரிக்கிளுக்குச் செல்கிறது. அது சுருங்கும்போது அரைச்சந்திர வால்வு திறந்து, நுரையீரல் தமனி வழியாக இரத்தம் நுரையீரல்களை அடைகிறது. அங்கே கார்பன் டைஆக்சைடை விட்டு ஆக்சிஜனைப் பெறுகிறது.

ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஆரிக்கிளுக்கும், ஈரிதழ் வால்வு வழியாக இடது வெண்ட்ரிக்கிளுக்கும் செல்கிறது. இடது வெண்ட்ரிக்கிள் அதைப் பெருந்தமனி வழியாக உடலெங்கும் அனுப்புகிறது. நெடுந்தொலைவுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடித்தது.

கவனிக்க: கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 'இடது வெண்ட்ரிக்கிள் ஏன் தடித்தது?' என்பது தனியே இரண்டு மதிப்பெண்ணாகவும் வரும்.

10. இரத்தம் உறைதலின் நிலைகளை விளக்குக.

காயத்தின் வழியே வெளியேறும் இரத்தம் கட்டியாகி, மேலும் இழப்பைத் தடுக்கும் நிகழ்வு இரத்தம் உறைதல்.

முதலில் காயமடைந்த இடத்தில் இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொண்டு தற்காலிக அடைப்பை ஏற்படுத்துகின்றன. சிதைந்த திசுவும் இரத்தத் தட்டுகளும் உறைதல் காரணிகளைத் தூண்டுகின்றன, திராம்போபிளாஸ்டின் வெளிப்படுகிறது.

அடுத்து, கால்சியம் அயனிகளின் முன்னிலையில் பிளாஸ்மாவில் செயலற்ற நிலையில் உள்ள புரோத்ராம்பின், திராம்பினாக மாறுகிறது.

பின்னர் திராம்பின், கரையும் புரதமான ஃபைப்ரினோஜெனைக் கரையாத ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இந்த இழைகள் வலைபோல் பின்னி, இரத்த அணுக்களைச் சிக்கவைத்துக் கட்டியை உருவாக்குகின்றன. கட்டி சுருங்கும்போது சீரம் வெளியேறுகிறது.

புரோத்ராம்பின் கல்லீரலில் உருவாக வைட்டமின் கே தேவை. அது குறைந்தால் உறைதல் தாமதமாகும்.

கவனிக்க: இந்த விடையில் எல்லோரும் சறுக்குவது பெயர்களின் வரிசையில். புரோத்ராம்பின், திராம்பின், ஃபைப்ரினோஜென், ஃபைப்ரின் நான்கும் ஒரே மாதிரி ஒலிப்பதால் இடம் மாறிவிடுகின்றன. மாற்றம் இரண்டுதான்: முதல் இணையில் பிறக்கும் திராம்பின்தான் இரண்டாம் இணையை மாற்றும் நொதி. இதைப் பிடித்துக்கொண்டால் வரிசை குலையாது. நேரம் குறைவாக இருந்தால் அம்புக்குறி போட்டு இரண்டு வரி எழுதிவிட்டு, பிறகு வாக்கியங்களை நிரப்புங்கள். இதே பகுதியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு 'ஹீமோஃபிலியா' கேட்டால், உறைதல் காரணி ஒன்று குறைவதால் இரத்தம் உறையத் தாமதமாகும் மரபுவழிக் குறைபாடு என்று எழுதி, அது எக்ஸ் குரோமோசோமோடு தொடர்புடையது என்பதைச் சேர்த்தால் போதும்.

11. ஏபிஓ இரத்த வகைகளை விளக்குக.

1900இல் தொடங்கிய ஆய்வில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் மனித இரத்த வகைகளைக் கண்டறிந்தார்; இதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஏ, பி ஆன்டிஜென்களைக் கொண்டு நான்கு வகைகள் பிரிக்கப்படுகின்றன.

ஏ வகையில் ஏ ஆன்டிஜெனும், பிளாஸ்மாவில் பி எதிர்ப்பொருளும் உள்ளன. பி வகையில் பி ஆன்டிஜெனும், ஏ எதிர்ப்பொருளும் உள்ளன. ஏபி வகையில் இரு ஆன்டிஜென்களும் உண்டு, எதிர்ப்பொருள் இல்லை. ஓ வகையில் ஆன்டிஜென் இல்லை. இரு எதிர்ப்பொருள்களும் உண்டு.

பொருந்தாத இரத்தம் ஏற்றப்பட்டால், பெறுபவரின் எதிர்ப்பொருள் வழங்குபவரின் சிவப்பணுக்களைத் திரளச் செய்து சிதைக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே ஏற்றும் முன் இரத்தம் பொருந்துகிறதா என்று சோதிப்பது கட்டாயம்.

கவனிக்க: இந்த விடையை அட்டவணையாகப் போட்டால் இன்னும் நல்லது. 'ஓ பொதுக் கொடையாளர், ஏபி பொதுப் பெறுநர்' என்று ஒரு வரியில் கேட்டால், ஆர்எச் காரணியையும் சேர்த்து ஓ நெகடிவ், ஏபி பாசிட்டிவ் என்று எழுதுங்கள். அதுதான் சரியான விடை.

12. ஆர்எச் பொருத்தமின்மை சிசுவை எவ்வாறு பாதிக்கிறது? எவ்வாறு தடுக்கலாம்?

சிவப்பணுவில் ஆர்எச் ஆன்டிஜென் உள்ளவர்கள் ஆர்எச் பாசிட்டிவ், இல்லாதவர்கள் ஆர்எச் நெகடிவ். ஆர்எச் நெகடிவ் தாய், ஆர்எச் பாசிட்டிவ் கருவைச் சுமக்கும்போது பிரச்சினை எழலாம்.

முதல் பிரசவத்தின்போது சிசுவின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலக்கலாம். அப்போது தாயின் உடல் ஆர்எச் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. முதல் குழந்தை பொதுவாகத் தப்பிவிடும்.

அடுத்த கருவும் ஆர்எச் பாசிட்டிவாக இருந்தால், இந்த எதிர்ப்பொருள்கள் தாய்சேய் இணைப்புத்திசுவைக் கடந்து சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கின்றன. இரத்தசோகை, மஞ்சள்காமாலை ஏற்படும். சிசு இறக்கவும் கூடும். இந்நிலை எரித்ரோபிளாஸ்டோசிஸ் ஃபீட்டாலிஸ் எனப்படும்.

தடுக்க, பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போடப்படுகிறது.

13. இதயச் சுழற்சியை விவரி.

ஒரு துடிப்பின் தொடக்கம் முதல் அடுத்த துடிப்பின் தொடக்கம் வரை இதயத்தில் நிகழும் மாற்றங்களின் தொடர் இதயச் சுழற்சி. நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும்போது ஒரு சுழற்சிக்குச் சுமார் 0.8 வினாடி ஆகும்.

ஆரிக்கிள் சிஸ்டோல், 0.1 வினாடி: ஆரிக்கிள்கள் சுருங்கி எஞ்சிய இரத்தத்தை வெண்ட்ரிக்கிள்களுக்குத் தள்ளுகின்றன.

வெண்ட்ரிக்கிள் சிஸ்டோல், 0.3 வினாடி: ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடுகின்றன, அரைச்சந்திர வால்வுகள் திறந்து இரத்தம் பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் செல்கிறது.

இணைந்த டயஸ்டோல், 0.4 வினாடி: நான்கு அறைகளும் தளர்கின்றன. அரைச்சந்திர வால்வுகள் மூடுகின்றன. வெண்ட்ரிக்கிள்களில் பெரும்பகுதி இரத்தம் இப்போதே நிரம்புகிறது.

ஒவ்வொரு சுருக்கத்திலும் வெண்ட்ரிக்கிள் வெளியேற்றும் சுமார் 70 மி.லி. இரத்தம் துடிப்புக் கொள்ளளவு. நிமிடத்துக்கு இதய வெளியேற்றம் 70 × 72, அதாவது சுமார் 5 லிட்டர்.

கவனிக்க: மூன்று நிலைகளின் நேரத்தைக் கூட்டினால் 0.8 வர வேண்டும். தாளைக் கொடுக்கும் முன் கூட்டிப் பாருங்கள். கடைசிக் கணக்கைத் துடிப்பின் எண்ணிக்கையை மாற்றி இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டால், சூத்திரத்துக்கு ஒன்று, அலகோடு கூடிய விடைக்கு ஒன்று.