கானாடுகாத்தான் விலக்கு, விளக்கு வைக்கிற நேரம்

திருச்சியிலிருந்து காரைக்குடி போகும் சாலையில், கானாடுகாத்தானுக்குத் திரும்பும் இடத்தில் உள்ள டீக்கடை. தை மாதம். சூரியன் இறங்கிக் கால் மணி நேரம் இருக்கும்.

கேமராவோடு செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் இந்த விலக்கில் நிற்பதில்லை. நேராக ஊருக்குள் போய்விடுவார்கள். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள், பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. என்னிடமும் அந்தப் படங்கள் ஏராளம். ஒன்றிலும் ஆள் கிடையாது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள், கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால்தான் வீடு திறக்கும். அதனால் இந்தத் தடவை ஊருக்கு முதுகைக் காட்டி நின்று சாலையைப் படம் எடுத்தேன்.

முதலில் ஆவி. படத்தில் வலது பக்கம் வெள்ளையாக எழும்புவது பாய்லரிலிருந்து வருகிறது. இடது பக்கம், சாமி படத்துக்குக் கீழே, கொஞ்சம் நீலம் பாய்ந்து தெரிவது ஆவி இல்லை, சாம்பிராணிப் புகை. விளக்கு ஏற்றியதும் மாஸ்டர் தட்டை எடுத்துக் கல்லா, பால் சட்டி, பாய்லர் என்று ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வந்தார். புகையின் துகள் மிகப் பொடி, நீல வெளிச்சத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். ஆவியாக நம் கண்ணுக்குத் தெரிவது குட்டிக் குட்டி நீர்த்துளிகள். அவை புகைத் துகளைவிடப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெள்ளை. இன்னொரு வித்தியாசமும் உண்டு: ஆவி ஒரு முழம் ஏறியதும் காற்றில் கரைந்துவிடுகிறது, புகை கூரை வரை போய் அங்கேயே தங்கி நிற்கிறது.

பல்பு ஆவிக்குப் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்திருந்தால் ஆவி பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். பின்னால் விளக்கு, அதற்கும் பின்னால் இருட்டு. ஆவியைப் படம் எடுக்க இவை இரண்டும் போதும். ஷட்டர் 1/125. அதைவிட மெதுவாக வைத்தால் டீ ஆற்றுகிற கை குழம்பிவிடுகிறது. வானத்து நீலமும் பல்பின் மஞ்சளும் சமமாக நிற்பது நம் ஊரில் சில நிமிடம்தான். அப்புறம் வானம் கருத்துவிடும், படம் வெறும் பல்புப் படமாகிவிடும்.

பாய்லர் பழைய செம்புப் பாய்லர், கரி போட்டு எரிப்பது. உள்ளே ஒரு நாணயம் கிடக்கிறது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் அது கடகடவென்று ஆடும், மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே குழாயைத் திறப்பார். படத்தில் சத்தம் வராது என்பதால் சொல்கிறேன்.

அடுத்தது பத்திரிகை. நடு பெஞ்சில் ஐந்து பேர் ஆளுக்கொரு தாளை வைத்திருக்கிறார்கள். ஐந்தும் ஒரே தினத்தந்தி. காலையில் ஆறு மணிக்கு வந்தபோது மடிப்புக் கலையாமல் முழுசாக இருந்தது, சாயங்காலம் தாள் தாளாகப் பிரிந்து ஊரைச் சுற்றிவிட்டது. ஓரத்தில் இருப்பவரின் கையில் விளையாட்டுப் பக்கம், அதில் டீ கிளாஸ் வைத்த வட்டம் ஒன்று பதிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், வட்டத்துக்குள்ளே ஒரு பேட்ஸ்மேன் மாட்டிக்கொண்டிருப்பார். நடுவில் இருப்பவர் வரன் தேடும் விளம்பரங்களை விரல் வைத்துப் படிக்கிறார். மகளுக்கா பேத்திக்கா என்று நான் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் கேட்டார். பத்து நிமிடத்துக்கு முன்னால் இருவருக்கும் அறிமுகம் கிடையாது. "அண்ணே, அந்தத் தாளை முடிச்சிட்டா இங்கிட்டு தள்ளுங்க" என்றுதான் பேச்சு தொடங்கியது.

தினத்தந்தி 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கியது. பேசுகிற பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழில் எழுதியதால் டீக்கடைக்குள் சுலபமாக நுழைந்துவிட்டது. அதே 1942இல்தான் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் பலர், வட்டிக்கடையையும் வயலையும் விட்டுவிட்டு, பர்மாவிலிருந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. விலக்குக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கதையில் அந்த வருஷம் பெரிய திருப்பம். இந்தப் பக்கம் பெஞ்சில் கிடக்கும் பத்திரிகைக்கு அதுதான் பிறந்த வருஷம். இப்படி ஒத்துப்போவதில் பெரிய அர்த்தம் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் அங்கே நின்று டீ குடித்தபோது இது மனதில் ஓடியது.

இனி போகிறவர்கள், வருகிறவர்கள். சாலையோரம் பச்சை வேட்டியில் கலங்கலாகத் தெரியும் மூன்று பேர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள். காலில் செருப்பு இல்லை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள், ராத்திரி குன்றக்குடியை எட்டிவிட வேண்டும் என்ற அவசரம். அவர்களிடம் மாஸ்டர் காசு வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் காசில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். தூணில் சாய்ந்து நிற்கும் பையன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் வேலை பார்க்கிறான். அவன் காலடியில் சாக்கு சுற்றிக் கிடப்பது ஒரு மரக் கதவின் நிலை. எந்த வீட்டு நிலை என்று கேட்டதற்குச் சிரித்தான், சொல்லவில்லை.

செட்டிநாட்டு வீட்டில் தெருவைப் பார்த்த முகப்பில் இரண்டு பக்கமும் திண்ணை இருக்கும். கணக்குப் பார்க்கவும், வந்தவர் உட்காரவும், வழிப்போக்கர் களைப்பாறவும் கட்டியது அது. இன்றைக்கு அதற்கு முன்னால் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது, உள்ளே இருக்கும் தேக்குக்கும் கண்ணாடிக்கும் இப்போது சந்தையில் அப்படி விலை. ஆனால் முன்பின் தெரியாதவன் ஒருவன் காரணம் சொல்லாமல் உட்கார இந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் இடங்களில் இந்தப் பெஞ்சும் ஒன்று. வாடகை ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். அதையும் யாரும் உட்கார்ந்த உடனே கேட்பதில்லை. கடன் மட்டும் கேட்காதீர்கள், விளக்கு வைத்த பிறகு மாஸ்டர் யாருக்கும் கடன் கொடுக்கமாட்டார்.

படத்தில் இருப்பவர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். ஒருவர் மட்டும் முகம் வேண்டாம் என்றார், அவர் முகத்தை விரித்துப் பிடித்த பத்திரிகையே மறைத்துவிட்டது. மாஸ்டருக்குக் கேமராவின் பின்திரையில் காட்டினேன். ஆவி, புகை, வானம் எதையும் அவர் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வடைத் தட்டு காலியாகத் தெரிகிறதாம். "இதைப் பாக்குறவன் நம்ம கடையில வடை இல்லைன்னுல்ல நினைப்பான். அடுத்த ஈடு இப்ப எடுத்துருவேன், செத்த இருந்து இன்னொண்ணு எடுங்க தம்பி" என்றார். எடுத்தேன். வானம் அதற்குள் கருத்துவிட்டிருந்தது. வடை நன்றாக விழுந்திருக்கிறது. அந்தப் படம் அடுத்ததாக இருக்கிறது, தள்ளிப் பாருங்கள்.