சர்வீஸ் அட்டவணை: 2025 செப்டம்பர் 6, சனி மாலை ரீடிங்படி (அல்சூர் ஆபீஸ், 4 வண்டி)

கெடு: டிசையர், ஏஸ் 8,000 கி.மீ. அல்லது 6 மாதம். கிரிஸ்டா 10,000 அல்லது 6 மாதம். ஸ்கூட்டர் 3,000 அல்லது 3 மாதம். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. இது நம் ஓட்டத்துக்கு நாமே வைத்த கெடு.

| வண்டி | கடைசி சர்வீஸ் | அப்போது கி.மீ. | இன்று கி.மீ. | நாள் ஓட்டம் | அடுத்த சர்வீஸ் கி.மீ. | கி.மீ. படி | மாதப்படி | முந்துவது |
|---|---|---|---|---|---|---|---|---|
| டிசையர் சிஎன்ஜி | 9-7-2025 | 1,12,400 | 1,18,010 | 95 | 1,20,400 | 1-10-2025 | 9-1-2026 | 1-10-2025 |
| கிரிஸ்டா டீசல் | 18-6-2025 | 86,250 | 93,450 | 90 | 96,250 | 7-10-2025 | 18-12-2025 | 7-10-2025 |
| ஏஸ் | 22-3-2025 | 54,900 | 59,604 | 28 | 62,900 | 1-1-2026 | 22-9-2025 | 22-9-2025 |
| ஸ்கூட்டர் | 31-8-2025 | 21,300 | 21,318 | 14 | 24,300 | 7-4-2026 | 30-11-2025 | 30-11-2025 |

ஷீட்டில் B கடைசி சர்வீஸ் தேதி, C அப்போதைய கி.மீ., D ரீடிங் எடுத்த தேதி, E ரீடிங், F கி.மீ. கெடு, G மாதக் கெடு. மற்றதெல்லாம் தானாக வரும்:

```
H2  =C2+F2
I2  =(E2-C2)/(D2-B2)
J2  =D2+ROUNDDOWN((H2-E2)/I2,0)
K2  =EDATE(B2,G2)
L2  =MIN(J2,K2)
```

டிசையரை வைத்துச் சரிபார்க்கலாம். 59 நாளில் 5,610 கி.மீ., நாளுக்கு 95. மீதி 2,390. அது 25 நாளில் தீரும். அக்டோபர் 1.

தேதியை 2025-07-09 என்றே அடியுங்கள். போன மாதம் வேறொரு மொபைலில் 09/07/2025 என்று அடித்ததை ஷீட் செப்டம்பர் 7 என்று எடுத்துக்கொண்டது. சர்வீஸ் தேதி வருங்காலத்தில் இருந்ததால் நாள் ஓட்டம் மைனஸில் நின்றது. மைனஸ் தெரிந்தால் வண்டியில் கோளாறு தேட வேண்டாம், தேதியைப் பாருங்கள்.

டிசையர். அக்டோபர் 1 ஆயுத பூஜை. அன்றைக்கு வண்டிக்கு மாலை போடுவோமா, ஆயில் இறக்குவோமா? தசரா வாரம் மைசூர் டிரிப்பும் உண்டு. ஆகவே செப்டம்பர் 23, செவ்வாய் காலை ஷெட்டுக்குப் போகட்டும். எண்ணூற்றுச் சொச்சம் கி.மீ. முன்னதாகப் போகிறது, பரவாயில்லை. சிஎன்ஜி சிலிண்டர் டெஸ்ட் இந்தக் கணக்கில் சேராது. அது 3 வருடத்துக்கு ஒருமுறை, கி.மீ. எவ்வளவானாலும். கடைசியாகச் செய்தது 14-11-2022, எனவே 14-11-2025.

கிரிஸ்டா. ஷீட் சொல்லும் அக்டோபர் 7ஐ நம்ப வேண்டாம். 90 என்ற சராசரி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓடியது. வரப்போவது புரட்டாசி. 20, 27, அக்டோபர் 4 மூன்று சனிக்கிழமையும் திருப்பதி புக்கிங் ஆகிவிட்டது, போய் வர 500 கி.மீ. மற்ற நாளுக்கு 90 வைத்துக் கையால் போட்டுப் பார்த்தேன். 19ஆம் தேதி வரை 1,170, முதல் திருப்பதியோடு 1,670, 26 வரை 2,210, இரண்டாம் திருப்பதியோடு 2,710. செப்டம்பர் 28 அன்றே 96,250 தொட்டுவிடும். அதனால் 26, வெள்ளி ஷெட்டில் விட்டு மாலையே எடுத்துவிட வேண்டும், மறுநாள் அதிகாலை கிளம்பணும். மலை ஏறி இறங்கும் வண்டி, பிரேக் பேடையும் அன்றே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏஸ். கி.மீ. படி ஜனவரி வரை நேரம் இருக்கிறதே என்று டிரைவர் அண்ணன் கேட்கிறார். அண்ணே, கலாசிபாளையத்தில் லோடு ஏற்ற அரை மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறோம், மீட்டர் நகர்வதில்லை, ஆயில் வேகிறது. மாதக் கெடு வைத்ததே இந்த மாதிரி வண்டிக்குத்தான். செப்டம்பர் 22, திங்கள். ஷெட்டில் சொல்லியாகிவிட்டது.

ஸ்கூட்டர். சர்வீஸ் முடிந்து 6 நாள்தான் ஆகிறது, நானும் ஊருக்குப் போய்விட்டேன். 18 கி.மீ.யை 6ஆல் வகுத்தால் நாளுக்கு 3 வருகிறது, கி.மீ. படி ஷீட் 2028 மே மாதம் வரச் சொல்கிறது! அதனால் I கட்டத்தில் போன முறை வந்த 14ஐக் கையால் போட்டிருக்கிறேன். எந்த வண்டிக்கும் சர்வீஸ் முடிந்து ஒரு மாதம் ஆகும்வரை பழைய சராசரியே இருக்கட்டும், அப்புறம் ஃபார்முலாவைத் திரும்பப் போடுங்கள். நவம்பர் 30 ஞாயிறு, ஷெட் லீவு. 29, சனி விடலாம்.

அடுத்த ரீடிங் செப்டம்பர் 19, வெள்ளி இரவு 9 மணிக்கு. கிரிஸ்டா விடியற்காலை கிளம்பிவிடும், சனிக்கிழமைக்குத் தள்ள வேண்டாம். மீட்டரைப் படம் எடுத்து குரூப்பில் போடுங்கள், வாயால் சொல்லும் எண் வேண்டாம். டிரிப் மீட்டர் இல்லை, மொத்த கி.மீ. காட்டும் மீட்டர்.